ஸ்பொன்சர் பதிவை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? எப்போது அழிக்கலாம்?

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த தங்கை ஒருத்தி சாரி கட்டும் விதங்களைப் பற்றி இன்ஸ்டாகிராமில் ரீல் போடுகிறாள். சித்திரைப் புத்தாண்டு நெருங்கிய நேரத்தில், காலி வீதியில் உள்ள ஒரு புடவைக் கடைக்காக ஓர் ஏஜென்சி அவளிடம் பேசியது. இரண்டு ரீல், மூன்று ஸ்டோரி, மொத்தம் 90,000 ரூபா. பாதி முற்பணம், மீதி 45,000 ரூபா வேலை எல்லாம் முடிந்த பிறகு. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் நாலு பக்கம். வாசித்தாள், கையெழுத்திட்டாள்.

முதல் ரீல் ஏப்ரல் 5ஆம் திகதி வெளியானது. ஸ்டோரிகள் அந்த வாரமே முடிந்தன. இரண்டாவது ரீலுக்கான சாரிகள் வந்து சேரத் தாமதமாகியதால் அது மே 2ஆம் திகதிதான் போனது. ஒப்பந்தத்தில் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இருந்ததை அவள் மறக்கவில்லை. போனிலேயே குறித்து வைத்திருந்தாள். முதல் ரீலுக்கு 90 நாள் ஜூலை 4ஆம் திகதியோடு முடிகிறது என்று எண்ணி, 5ஆம் திகதி காலையில் அந்த ரீலை மட்டும் எடுத்துவிட்டாள். மற்றொரு கடையோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது, பக்கம் கொஞ்சம் துப்புரவாக இருக்கட்டும் என்ற எண்ணம்.

7ஆம் திகதி பின்னேரம் ஏஜென்சியிலிருந்து அழைப்பு. "அக்கா, அந்த முதல் ரீலைக் காணவில்லையே. அதை வைத்து ஓடின விளம்பரமும் நின்றுவிட்டது. கடைக்காரர் கேட்கிறார்."

அவள் உடனே என்னை அழைத்தாள். "அண்ணா, 90 நாளும் இருந்ததே, பிறகென்ன?" ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். தவறு ஒரே ஒரு சொற்றொடரில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "எல்லாப் பதிவுகளும், கடைசிப் பதிவு வெளியான நாளிலிருந்து குறைந்தது 90 நாட்கள் பொதுப் பார்வையில் இருக்க வேண்டும்." ஒவ்வொரு ரீலுக்கும் தனித்தனியான 90 நாள் என்று அவள் எண்ணியிருந்தாள். ஒப்பந்தமோ இரண்டுக்கும் சேர்த்து ஒரே கடிகாரத்தை, மே 2இல் தொடங்கி வைத்திருந்தது.

இந்தச் சங்கடம் அவளுக்கு மட்டும் வந்ததில்லை. கொழும்பில் சின்னப் பக்கங்கள் நடத்தும் சிலருக்கு நான் ஒப்பந்தங்களை வாசித்துச் சொல்வதுண்டு. கட்டணம், திருத்தம் எத்தனை தடவை, எப்போது போட வேண்டும் என்பதையெல்லாம் கவனமாகப் பார்ப்பார்கள். பதிவு எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்ற வரியைத்தான் கண்ணால் தடவிவிட்டுப் போவார்கள். ஆகவே அந்த வரியை மட்டும் எடுத்து, எண்ணத் தொடங்குவதிலிருந்து கடைசியில் அழிப்பது வரை இங்கே சொல்கிறேன்.

அந்த வரி எதற்காக இருக்கிறது

கடை உங்களுக்குக் காசு தருவது ரீலைப் போடுவதற்கு மட்டும் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அவர்கள் வாங்குவது இரண்டு பொருள்: போடுவது, போட்டதை வைத்திருப்பது. ஒரு ரீல் முதல் சில நாளில் நிறையப் பேரிடம் போகும், பிறகு மெதுவாகும். ஆனால் நிற்காது. ஒரு மாதம் கழித்து உங்கள் பக்கத்துக்குப் புதிதாக வருபவர் கீழே இறங்கிப் பார்ப்பார். யூடியூப் என்றால் தேடலின் வழியாக ஒரு வருடத்துக்குப் பிறகும் ஆள் வரும். அந்தப் பின்னால் வரும் பார்வைகளுக்கும் சேர்த்துத்தான் விலை பேசப்படுகிறது. ஏஜென்சியும் கடைக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும், அதில் உங்கள் பதிவின் இணைப்பு இருக்கும். கடைக்காரர் இணைப்பைத் தட்டும்போது ஒன்றுமில்லாத பக்கம் திறந்தால், ஏஜென்சிதான் பதில் சொல்ல வேண்டும்.

நான் பார்த்த ஒப்பந்தங்களில் 30 நாள், 90 நாள், 6 மாதம், ஒரு வருடம் என்று பலவிதமாக இருக்கும். சிலவற்றில் "இன் பெர்பெச்சுவிட்டி" என்று இருக்கும், அதாவது என்றைக்கும். சிலவற்றில் காலமே இருக்காது. காலம் இல்லாத ஒப்பந்தம் உங்களுக்கு வசதி என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் ஒரு மாதத்தில் எடுத்தால் "நாங்கள் இவ்வளவு சீக்கிரம் எடுப்பதற்கா காசு தந்தோம்" என்று அவர்கள் கேட்கலாம். அதற்கு நீங்கள் காட்டக்கூடிய வரி எதுவும் உங்கள் கையிலும் இருக்காது.

கையெழுத்திட்ட தாள் இல்லாமல் வட்ஸ்அப்பிலேயே முடியும் பேரங்களும் நம்மூரில் நிறைய. "மூன்று மாசம் இருக்கட்டும் தங்கச்சி" என்று கடைக்காரர் எழுதுகிறார், நீங்கள் "சரி அண்ணா" என்று அனுப்புகிறீர்கள். அதுவும் ஓர் உடன்பாடுதான். இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் உடன்பாட்டைச் செல்லாது என்று தள்ளிவிட முடியாது என்பதே 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் அடிப்படை. அதனால் அந்த உரையாடலைப் பத்திரமாக வையுங்கள். வட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்தி வசதி 24 மணிநேரம், 7 நாள், 90 நாள் என்ற மூன்று அளவில் இருக்கிறது. கடைக்காரர் அதை 90 நாளுக்குப் போட்டிருந்தால், 90 நாள் ஒப்பந்தம் முடிகிற அதே நேரத்தில் அதற்கான சான்றும் காணாமல் போய்விடும். பேரம் முடிந்த அன்றே ஸ்கிரீன்ஷொட் எடுத்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவையுங்கள்.

நாளை எண்ணுவது

தங்கையின் கணக்கையே எடுப்போம். எண்ணத் தொடங்கும் நாளை ஒப்பந்தங்கள் பலவிதமாகச் சொல்லும். ஒவ்வொரு பதிவும் வெளியான நாள், கடைசிப் பதிவு வெளியான நாள், பிரசாரம் முடிந்த நாள், சில வேளைகளில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள். கையெழுத்திட்ட நாள் என்றால் உங்களுக்கு நல்லது, பதிவு போடுவதற்கு முன்னரே நாள் ஓடத் தொடங்கிவிடும். பிரசாரம் முடிந்த நாள் என்றால் கவனம் வேண்டும், அது எந்த நாள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால், அதைத் தீர்மானிப்பவர் கடைக்காரர் என்றாகிவிடும்.

அடுத்தது, பதிவு போட்ட நாளும் ஒரு நாளாகச் சேருமா என்பது. சேராது என்று எண்ணுவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. மே 2 வெளியான நாள், மே 3 முதலாவது நாள். மே மாதத்தில் 29 நாள், ஜூன் மாதத்தில் 30, இதுவரை 59. ஜூலையில் இன்னும் 31 வேண்டும். ஆக ஜூலை 31 முழுவதும் ரீல் இருக்க வேண்டும், ஓகஸ்ட் 1ஆம் திகதி எடுக்கலாம். "மூன்று மாதம்" என்று எழுதியிருந்தால் இதே கணக்கு ஓகஸ்ட் 2ஆம் திகதி வரை நீளும். 90 நாளும் மூன்று மாதமும் ஒன்றென்று வாயால் சொல்வோம், எண்ணும்போது இரண்டு நாள் இடிக்கும்.

தங்கை ஜூலை 5ஆம் திகதி எடுத்தபோது 63 நாள்தான் முடிந்திருந்தது. 27 நாள் பாக்கி. அவளுடைய ஒப்பந்தத்தின் இன்னொரு வரி, காலத்துக்கு முன் பதிவை எடுத்தால் மீதிக் கட்டணம் கொடுக்கப்பட மாட்டாது என்று சொன்னது. அதாவது 45,000 ரூபாவும் போகலாம். அதே இடத்தில் "குறைந்த நாட்களுக்கு ஏற்ப மட்டும் கழிக்கப்படும்" என்று இருந்திருந்தால் கணக்கே வேறு. ஒரு ரீலின் பங்கு 45,000 என்று வைத்தால், 90 நாளுக்குப் பிரிக்கும்போது ஒரு நாளுக்கு 500 ரூபா. 27 நாளுக்கு 13,500. கையெழுத்திடுவதற்கு முன் அந்த ஒரு வரியை மாற்றக் கேட்டிருந்தால், ஏஜென்சிகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நான் கேட்ட இடங்களில் ஒருவரும் கோபித்ததில்லை.

ஒரே ஒப்பந்தத்தில் மூன்று கடிகாரம்

புதிதாக வருகிறவர்கள் மிக அதிகமாகக் குழம்பும் இடம் இதுதான், அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

முதலாவது, பதிவு உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டிய காலம். நாம் இதுவரை பேசியது அது. இரண்டாவது, உங்கள் வீடியோவைக் கடை தன் பக்கத்திலும் விளம்பரத்திலும் பயன்படுத்தக்கூடிய காலம். ஏஜென்சிக்காரர்கள் இதை யூசேஜ் ரைட்ஸ் என்பார்கள். மூன்றாவது, அதே துறையில் வேறு கடைக்கு நீங்கள் விளம்பரம் செய்யாமல் இருக்க வேண்டிய காலம், எக்ஸ்க்ளூசிவிட்டி என்று சொல்வது. மூன்றும் வெவ்வேறு பக்கத்தில் எழுதியிருக்கும், வெவ்வேறு நாளில் முடியும்.

தங்கையின் ஒப்பந்தத்தில் வேறு புடவைக் கடையோடு வேலை செய்யாமல் இருக்க வேண்டிய காலம் கடைசி ரீலிலிருந்து 30 நாள், அது ஜூன் 1ஆம் திகதியே முடிந்துவிட்டது. ஆகவே ஜூலையில் மற்றக் கடையோடு பேசியதில் எந்தத் தவறும் இல்லை. பழைய ரீலை எடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இரண்டு கடிகாரத்தையும் ஒன்றாக எண்ணியதால்தான் அவள் அவசரப்பட்டாள். கடை வீடியோவைப் பயன்படுத்தக்கூடிய காலமோ 6 மாதம், அதாவது நவம்பர் தொடக்கம் வரை.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கடை உங்கள் வீடியோவை இரண்டு வழியில் விளம்பரமாக ஓட்டலாம். வீடியோக் கோப்பை வாங்கித் தன் சொந்தக் கணக்கில் ஏற்றி ஓட்டுவது ஒரு வழி. உங்கள் பக்கத்தில் இருக்கும் அதே பதிவுக்கு, உங்கள் பெயரோடு, காசு போட்டு ஓட்டுவது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்கு நீங்கள் இன்ஸ்டாகிராமில் அனுமதி கொடுத்திருப்பீர்கள். அந்த விளம்பரம் உங்கள் பதிவின் தோளில் ஏறி நிற்கிறது. பதிவு போனால் விளம்பரமும் போகும். தங்கைக்கு வந்த அழைப்புக்குக் காரணமே அதுதான். டிக்டொக்கில் இந்த அனுமதி ஒரு குறியீடாகக் கொடுக்கப்படும். அதற்கு 7, 30, 60, 365 நாள் என்று காலம் தெரிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் 60 நாள் என்று இருந்தால் 60ஐத் தெரிவு செய்யுங்கள், பிறகு வசதியாக இருக்கட்டும் என்று 365ஐத் தட்டிவிடாதீர்கள்.

ஆக, 90 நாளில் எடுக்கலாம் என்று ஒரு வரியும், 6 மாதம் விளம்பரம் ஓட்டலாம் என்று இன்னொரு வரியும் இருந்தால், அந்த விளம்பரம் எந்த வழியில் ஓடும் என்று முதலிலேயே கேளுங்கள். "உங்கள் பதிவை வைத்துத்தான்" என்று பதில் வந்தால் உங்கள் 90 நாள் உண்மையில் 6 மாதம். அதற்கேற்ப விலை பேசுங்கள்.

எடுத்தது என்று எதைச் சொல்வார்கள்

"நான் அழிக்கவில்லையே, மறைத்துத்தானே வைத்தேன்" என்று தங்கை சொன்னாள். ஒப்பந்தத்துக்கு அது செல்லாது. பொதுப் பார்வையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், மற்றவர் பார்க்க முடியாதபடி செய்யும் எதுவும் எடுத்ததற்குச் சமம். இன்ஸ்டாகிராமில் Archive செய்வது, யூடியூபில் Private அல்லது Unlisted ஆக்குவது, டிக்டொக்கில் உங்களுக்கு மட்டும் என்று மாற்றுவது எல்லாம் அதில் அடங்கும். Unlisted விடயத்தில் சிலர் வாதாடுவதுண்டு, இணைப்பு வைத்திருப்பவர் பார்க்கலாம்தானே என்று. ஆனால் அது தேடலிலும் வராது, உங்கள் சேனல் பட்டியலிலும் வராது. கடை காசு கொடுத்தது அந்த இரண்டுக்கும்தான்.

தலைப்புரையைத் திருத்திக் கடையின் பெயரை நீக்குவதும், கட்டண விளம்பரம் என்ற அடையாளத்தைக் கழற்றுவதும் கூட மீறல்தான். பதிவு அப்படியே இருக்கும், ஆனால் ஒப்புக்கொண்ட வடிவில் இருக்காது. அந்த அடையாளத்தை எந்தக் காலத்திலும் கழற்ற வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும், பதிவு இருக்கும்வரை அது காசுக்குச் சொன்ன வார்த்தைதான். பார்ப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

நீங்கள் ஒன்றுமே செய்யாமல் பதிவு போய்விடும் சந்தர்ப்பமும் உண்டு. பின்னணிப் பாட்டின் உரிமைச் சிக்கலால் ஒலி நின்றுபோவது, தளமே பதிவை நீக்குவது போல. அப்படி நடந்தால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பது நல்லது. இல்லாவிட்டால், தெரிந்த அன்றே ஏஜென்சிக்கு எழுதுங்கள். அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் சொன்னது பின்னர் மிகவும் உதவும்.

ஸ்டோரி 24 மணிநேரத்தில் தானாகப் போகும் என்பதால் அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, ஹைலைட்டில் வைக்கச் சொல்லியிருந்தால் தவிர.

தங்கையின் ரீல் எப்படித் தப்பியது

அவள் செய்த ஒரே நல்ல காரியம், அழிக்காமல் Archive செய்தது. Archive செய்த இன்ஸ்டாகிராம் பதிவைத் திருப்பி எடுத்தால் அதே விருப்பங்கள், அதே கருத்துகளோடு பழைய இடத்திலேயே வந்து உட்காரும். பக்கத்தின் மெனுவில் Archive என்பதைத் திறந்து, ரீலைத் தெரிவு செய்து, மூன்று புள்ளியைத் தட்டி Show on profile கொடுத்தாள். அன்று இரவே ரீல் திரும்ப வந்துவிட்டது. அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றியிருந்தால் பார்வை எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கும், இணைப்பும் மாறியிருக்கும், ஏஜென்சியின் அறிக்கையில் இருந்தது செத்த இணைப்பாகியிருக்கும்.

பிறகு ஏஜென்சிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம். சுற்றி வளைக்கவில்லை. 5, 6, 7 ஆகிய மூன்று நாள் ரீல் மறைந்திருந்தது, இது நாள் கணக்கைத் தவறாக விளங்கிக்கொண்டதால் நடந்தது, மூன்று நாளையும் கூட்டி ஓகஸ்ட் 3ஆம் திகதி வரை வைத்திருக்கிறேன், மீதிக் கட்டணத்தில் கழிவு இல்லாமல் இதை ஏற்றுக்கொள்கிறீர்களா? இவ்வளவுதான். அடுத்த நாள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. போனில் பேசி முடித்திருந்தாலும் நடந்திருக்கும், ஆனால் அந்தப் பதில் எழுத்தில் இருந்ததால்தான் ஓகஸ்டில் ஏஜென்சியில் ஆள் மாறியபோது அவளுக்குப் பிரச்சினை வரவில்லை.

காலம் முடிந்த பிறகு அழிப்பது

முதலில் ஒரு கேள்வி: அழிக்கத்தான் வேண்டுமா? நல்ல பார்வை உள்ள ரீல் அடுத்த கடையிடம் காட்டுவதற்கு உதவும். ஆனால் அதில் சொன்ன விலை பழையதாகிவிட்டால், கடை மூடிவிட்டால், அல்லது அந்தப் பொருளை இப்போது உங்கள் வாயால் யாருக்கும் சொல்ல மாட்டீர்கள் என்றால் எடுப்பதுதான் நேர்மை. 2022இல் இலங்கையில் விலைகள் ஏறிய வேகத்தில், ஜனவரியில் போட்ட ரீலில் இருந்த விலையைக் கேட்டுக்கொண்டு ஆட்கள் வருட நடுவில் கடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பார்ப்பவருக்குத் திகதி கண்ணில் படாது, விலைதான் படும்.

எடுப்பது என்று முடிவு செய்தால், பதிவு இன்னும் உயிரோடு இருக்கும்போதே சான்றைச் சேர்த்துவிடுங்கள். தலைப்புரையும் திகதியும் கட்டண விளம்பர அடையாளமும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷொட். Insights பக்கம் முழுவதும். பதிவின் இணைப்பு. வீடியோவின் மூலக் கோப்பு. போட்ட நாளில் ஒன்று, கடைசி நாளுக்கு மறுநாள் ஒன்று என்று இரண்டு ஸ்கிரீன்ஷொட் இருந்தால் இன்னும் நல்லது. அழித்த பதிவோடு அதன் எண்ணிக்கைகளும் போய்விடும். ஆறு மாதம் கழித்து யாராவது "எத்தனை பேர் பார்த்தார்கள்" என்று கேட்டால் நினைவில் இருந்து சொல்ல முடியாது.

அடுத்து, ஏஜென்சிக்கு ஒரு வரி எழுதுங்கள். "இரண்டு ரீலுக்குமான காலம் ஓகஸ்ட் 3ஆம் திகதியோடு முடிந்தது. இவற்றை வைத்து விளம்பரம் எதுவும் ஓடுகிறதா? இல்லையென்றால் எடுக்கலாமா?" உங்களுக்கு உரிமை இருக்கும்போது ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றலாம். விளம்பரம் ஓடுகிறதா என்பது உங்கள் பக்கத்திலிருந்து எப்போதும் தெளிவாகத் தெரியாது, அதற்காகத்தான். நீங்களும் பார்க்கலாம். மெட்டா நிறுவனத்தின் Ad Library பக்கம் facebook.com/ads/library என்ற முகவரியில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நாட்டைத் தெரிவு செய்து கடையின் பெயரைத் தேடினால், அந்த நேரத்தில் ஓடும் அதன் விளம்பரங்கள் வரும். உங்கள் முகம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். யூசேஜ் ரைட்ஸ் காலம் முடிந்த பிறகும் கடை உங்கள் வீடியோவை ஓட்டுகிறதா என்று அறியவும் இதே பக்கம் உதவும்.

மீதிக் கட்டணம் கைக்கு வரும்வரை நிரந்தரமாக அழிக்காதீர்கள். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். காலம் முடிந்ததும் Archive செய்யுங்கள், காசு வங்கியில் விழுந்த பிறகு அழியுங்கள். இடையில் யாருக்காவது ஐயம் வந்தால் ஒரு நிமிடத்தில் திருப்பிக் காட்டலாம்.

இன்ஸ்டாகிராமில் அழித்த ரீல் உடனே மறைந்துவிடாது. மெனுவில் Your activity, அதற்குள் Recently deleted என்ற இடத்தில் 30 நாள் வரை இருக்கும். அங்கிருந்தும் மீட்கலாம். 30 நாள் முடிந்தால் தானாகவே போய்விடும், அதன் பின் மீட்க வழியில்லை. ஆகவே அழிக்கும் நாளில் நாட்காட்டியில் 25ஆம் நாளுக்கு ஒரு குறிப்பு வைத்து, சான்றுக் கோப்புகள் எல்லாம் திறக்கின்றனவா என்று அன்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ரீலுக்கு வேறு பிரதிகளும் இருக்கலாம். போடும்போதே பேஸ்புக்கிலும் பகிரும்படி விட்டிருந்தால், இன்ஸ்டாகிராமில் அழித்தது பேஸ்புக்கில் இருப்பதைத் தொடாது. அங்கே தனியாகப் போய் எடுக்க வேண்டும். ஹைலைட்டில் கிடக்கும் பழைய ஸ்டோரி, பக்க அறிமுகத்தில் வைத்த கடையின் இணைப்பு, தள்ளுபடிக் குறியீடு ஆகியவையும் மறந்துபோகும். கடையோடு சேர்ந்து ஒரே பதிவாக, இரண்டு பக்கத்திலும் தெரியும்படி போட்டிருந்தால் யார் முதலில் ஏற்றியது என்று பாருங்கள். நீங்கள் ஏற்றியிருந்தால், அழிக்கும்போது கடையின் பக்கத்திலிருந்தும் அது போகும், அவர்களுக்கு முன்பே சொல்லுங்கள். கடை ஏற்றியிருந்தால் உங்கள் பெயரை மட்டும்தான் நீங்கள் விலக்கிக்கொள்ள முடியும், பதிவு அவர்களிடம் இருக்கும்.

யூடியூபுக்குத் தனியாக ஒரு சொல். அங்கே ஸ்பொன்சர் பகுதி பெரும்பாலும் இருபது நிமிட வீடியோவுக்குள் ஒரு நிமிடமாக இருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக முழு வீடியோவையும் அழித்தால் பார்வைகள், கருத்துகள், தேடலில் பிடித்த இடம் எல்லாம் போய்விடும். யூடியூபில் அழித்த வீடியோவை மீட்கவும் முடியாது. YouTube Studio இல் Editor திறந்து அந்தப் பகுதியை மட்டும் வெட்டலாம். இணைப்பும் பார்வை எண்ணிக்கையும் அப்படியே இருக்கும், மாற்றம் தெரியச் சில மணிநேரம் எடுக்கலாம். வீடியோ ஒரு இலட்சம் பார்வையைத் தாண்டியிருந்து, உங்கள் சேனல் யூடியூபின் வருமானத் திட்டத்தில் இல்லாவிட்டால், இந்த வெட்டைச் சேமிக்க அது விடாமல் போகலாம். வெட்டிய பிறகு விவரணத்தில் உள்ள கடையின் இணைப்பையும் எடுங்கள்.

கையெழுத்திடுவதற்கு முன் கேட்க வேண்டிய வரி

என்றைக்கும் என்று எழுதிய ஒப்பந்தம் வந்தால் பயந்து மறுக்க வேண்டாம், கையெழுத்திடவும் வேண்டாம். ஒரு காலத்தைச் சொல்லுங்கள். நான் வழக்கமாகக் கொடுக்கும் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"ஒவ்வொரு பதிவும் அது வெளியான நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 90 நாட்கள் பொதுப் பார்வையில் இருக்கும். அதன் பின் அதை நீக்கவோ மறைக்கவோ படைப்பாளருக்கு உரிமை உண்டு. தளம் தானாக நீக்கினால் அது மீறலாகாது. படைப்பாளர் முன்கூட்டியே நீக்கினால், குறைந்த நாட்களைப் பின்னர் கூட்டிக் கொடுக்கலாம், அல்லது அந்நாட்களுக்குரிய கட்டணம் மட்டும் கழிக்கப்படும்."

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் என்றால் இதையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். இலட்சக் கணக்கில் போகும் தொகையென்றால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிடுவது நல்லது. 90 நாளுக்குமேல் வேண்டுமென்று அவர்கள் நின்றால், மேலதிகக் காலத்துக்கு மேலதிகக் கட்டணம் கேளுங்கள். ஒரு வருடம் உங்கள் பக்கத்தில் ஓர் இடம் பிடித்திருப்பதும் ஒரு வாடகைதான்.

தங்கை ஓகஸ்ட் 4ஆம் திகதி ஏஜென்சிக்கு எழுதினாள். முதல் ரீலை வைத்து ஓடிய விளம்பரம் ஜூலை நடுவிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, மூலக் கோப்பு எங்களிடம் இருக்கிறது, எடுக்கலாம் என்று இரண்டு நாளில் பதில் வந்தது. முதல் ரீலை Archive செய்தாள். மாதக் கடைசியில் 45,000 ரூபாவும் வந்தது, அதன் பிறகுதான் அழித்தாள். இரண்டாவது ரீலை அவள் எடுக்கவில்லை. பின்னல் போட்டுச் சாரி கட்டும் முறை ஒன்று அதில் இருக்கிறது, இன்றைக்கும் அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் அவளுக்கு எழுதுகிறார்கள்.